விற்றது எந்த மாதத்து யூனிட்? எஸ்.ஐ.பி. பணத்தை எடுக்கும்போது லாபக் கணக்கு

கேள்வி: மேலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூனில் இருந்து மாதம் 10-ம் தேதி ரூ.10,000 வீதம் ஒரு ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. கட்டி வருகிறேன். 2025 நவம்பர் வரை 18 தவணை, மொத்தம் ரூ.1,80,000. கடைக்குச் சரக்கு எடுக்க நவம்பர் 20-ல் 2,000 யூனிட்டை விற்றேன். விலை 50 ரூபாய். ஒரு லட்சம் வர வேண்டும், ஆனால் வங்கியில் ரூ.99,709 தான் ஏறியது. போட்ட பணத்தை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை ரூ.42.45 என்று பார்த்து, லாபம் சுமார் ரூ.15,100 என்று எழுதி வைத்தேன். ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதால் எல்லாம் நீண்ட கால லாபம்தான், 1.25 லட்சத்துக்குள் வரி கிடையாது என்று நண்பர் சொன்னார். ஆனால் ஃபண்டில் இருந்து வந்த அறிக்கையில் குறுகிய கால லாபம் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. எது சரி? பங்குனியிலோ சித்திரை பிறந்ததுமோ இன்னும் 700 யூனிட் விற்க வேண்டியிருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடை வருமானம் சுமார் 6 லட்சம். விற்றுமுதலில் சதவீதக் கணக்கு காட்டி ஐ.டி.ஆர்-4 தாக்கல் செய்கிறேன்.

பதில்:

அறிக்கைதான் சரி. உங்கள் மொத்த லாபக் கணக்கு பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் அந்த லாபத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது. வரி வருவதும் உங்கள் ரிட்டர்ன் படிவமே மாறுவதும் அந்த இடத்தில்தான்.

எஸ்.ஐ.பி. என்பது ஒரே முதலீடு அல்ல. நீங்கள் 18 தனித்தனிக் கொள்முதல் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி விலை, தனி வயது. 2024 ஜூனில் வாங்கிய யூனிட்டுக்கு ஒன்றரை வயது. 2025 நவம்பர் 10-ல் வாங்கியதற்கு, நீங்கள் விற்ற அன்று பத்து நாள். இவை எல்லாம் ஒரே ஃபோலியோவில், அதாவது ஃபண்டில் உங்கள் பெயரில் உள்ள ஒரே கணக்கில் கிடப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

விற்கும்போது எந்த மாதத்து யூனிட் போனது என்பதற்கு விதி ஒன்றே: முதலில் வந்தது முதலில் வெளியே போகும். டீமேட் கணக்கில் உள்ளவற்றுக்கு 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 45(2A) பிரிவே இதைச் சொல்கிறது. டீமேட் இல்லாமல் ஃபோலியோவாக வைத்திருக்கும் யூனிட்டுகளுக்கும் ஃபண்ட் நிறுவனங்களும் அவற்றின் பதிவாளர்களும் இதே வரிசையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். உங்கள் குடோனில் சிமெண்ட் மூட்டை எப்படி? போன மாத லோடு உள்ளே இருக்க, நேற்று இறங்கிய லோடைப் பிரிக்க மாட்டீர்கள். இங்கேயும் அப்படியே. ஒரு வித்தியாசம், குடோனில் நினைத்தால் புது மூட்டையை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஃபோலியோவில் அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

இனி உங்கள் அறிக்கையைப் பார்ப்போம். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று யூனிட்டின் பின்னங்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் போட்ட பணம் ரூ.10,000.

2024 ஜூன் 10: 250 யூனிட், விலை ரூ.40.00
ஜூலை 10: 240 யூனிட், ரூ.41.67
ஆகஸ்ட் 12: 235 யூனிட், ரூ.42.55
செப்டம்பர் 10: 225 யூனிட், ரூ.44.44
அக்டோபர் 10: 230 யூனிட், ரூ.43.48
நவம்பர் 11: 240 யூனிட், ரூ.41.67
டிசம்பர் 10: 230 யூனிட், ரூ.43.48
2025 ஜனவரி 10: 245 யூனிட், ரூ.40.82
பிப்ரவரி 10: 260 யூனிட், ரூ.38.46

மீதி ஒன்பது தவணையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நவம்பர் 20 விற்பனை அவற்றைத் தொடவே இல்லை.

முதலில் தேதிகளைக் கவனியுங்கள். பணம் 10-ம் தேதி என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஆனால் ஆகஸ்ட் தவணை 12-ம் தேதியும் நவம்பர் தவணை 11-ம் தேதியும் ஒதுக்கீடாகியிருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 10 சனிக்கிழமை, நவம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை. சந்தை திறக்காத நாளில் யூனிட் கிடைக்காது. அது மட்டுமல்ல, 2021 பிப்ரவரியில் இருந்து பணம் ஃபண்டின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளின் விலைதான் கிடைக்கும். வங்கியில் ஒருநாள் தாமதமானால் தேதியும் ஒருநாள் தள்ளிப் போகும். ஆகவே வயதை எண்ணத் தொடங்க வேண்டியது பாஸ்புக்கில் பணம் கழிந்த தேதியில் இருந்து அல்ல, அறிக்கையில் யூனிட் ஒதுக்கிய தேதியில் இருந்து. மாதக் கணக்கில் ஒருநாள் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எல்லைக்கோட்டில் நிற்கும் தவணைக்கு அந்த ஒருநாள்தான் எல்லாம்.

ஈக்விட்டி ஃபண்டுக்கு எல்லைக்கோடு 12 மாதம். யூனிட்டை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட காலம். அதற்குள் விற்றால் குறுகிய காலம். நீங்கள் விற்ற 2025 நவம்பர் 20 அன்று, 2024 நவம்பர் 11-ல் வாங்கிய யூனிட் வரைக்கும் கோட்டைத் தாண்டிவிட்டன. டிசம்பர் 10 தவணைக்கு இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது. உங்கள் நண்பர் எண்ணியது எஸ்.ஐ.பி. ஆரம்பித்த தேதியில் இருந்து. ஆரம்பத் தேதி முதல் தவணைக்கு மட்டும்தான் பொருந்தும். இந்தத் தவறு என்னிடம் வருகிறவர்களில் பலரும் செய்வது. பத்து வருஷமாக எஸ்.ஐ.பி. கட்டுகிறவருக்கும் கடைசிப் பன்னிரண்டு தவணை எப்போதும் குறுகிய காலம்தான்.

இப்போது 2,000 யூனிட்டை மேலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். ஜூனில் இருந்து நவம்பர் வரை ஆறு தவணையும் முழுதாகப் போயின: மொத்தம் 1,420 யூனிட். அவற்றுக்குப் போட்ட பணம் ரூ.60,000. ஐம்பது ரூபாய் வீதம் விற்ற பணம் ரூ.71,000. லாபம் ரூ.11,000. இது முழுவதும் நீண்ட காலம்.

இன்னும் 580 யூனிட் வேண்டும். டிசம்பர் தவணையின் 230-ம் ஜனவரியின் 245-ம் போனால் 475. பாக்கி 105 யூனிட்டுக்கு பிப்ரவரி தவணையை உடைக்க வேண்டும். அந்தத் தவணையில் 260 யூனிட் இருந்தது; 105 போய் 155 மிஞ்சும். உடைந்த தவணையின் அடக்கவிலையையும் அதே விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும்: 105 யூனிட்டை ரூ.38.46-ஆல் பெருக்கினால் ரூ.4,038. ஆக, 580 யூனிட்டுக்கு அடக்கம் 10,000, 10,000, 4,038 சேர்த்து ரூ.24,038. விற்ற பணம் ரூ.29,000.

உங்கள் வங்கிக்கு ரூ.291 குறைவாக வந்ததற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. உங்கள் ஃபண்டில் ஒரு வருஷத்துக்குள் விற்கும் யூனிட்டுக்கு 1 சதவீதம் எக்ஸிட் லோடு. அதுவும் இதே வரிசைப்படிதான் பார்க்கப்படும். 1,420 யூனிட்டுக்கு லோடு இல்லை. 580 யூனிட்டின் ரூ.29,000-க்கு ரூ.290 பிடித்தார்கள். மீதி ஒரு ரூபாய், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. ஈக்விட்டி ஃபண்ட் யூனிட்டைத் திரும்ப ஒப்படைக்கும்போது அது 0.001 சதவீதம், அதாவது லட்சத்துக்கு ஒரு ரூபாய். லாபக் கணக்கில் எக்ஸிட் லோடைக் கழித்துக்கொள்ளலாம், எஸ்.டி.டி.யைக் கழிக்கக் கூடாது. ஆகவே குறுகிய கால லாபம்: 29,000-இல் 290-ஐயும் 24,038-ஐயும் கழித்தால் ரூ.4,672. உங்கள் அறிக்கையில் தனியாக நின்ற தொகை இதுதான்.

இரண்டையும் கூட்டினால் ரூ.15,672. நீங்கள் சராசரியில் போட்டது ரூ.15,100-க்குப் பக்கம். வித்தியாசம் அறுநூறு ரூபாய்கூட இல்லை. இதை வைத்துச் சராசரியும் பரவாயில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் 18 தவணைக் காலத்தில் சந்தை 2024 செப்டம்பர் வரை ஏறி, 2025 மார்ச் ஆரம்பம் வரை இறங்கி, பிறகு மீண்டது. அதனால் முன்பு வாங்கியதும் பின்பு வாங்கியதும் விலையில் ஏறக்குறைய ஒத்துப்போய்விட்டன. எட்டு, பத்து வருஷம் கட்டியவருக்கு இப்படி ஒத்துப்போகாது. அவருடைய பழைய யூனிட் இருபது ரூபாய்க்கு வாங்கியதாக இருக்கும், சராசரி முப்பத்தைந்தில் நிற்கும். சராசரியை வைத்துக் கணக்கு எழுதினால் லாபத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டியதாக ஆகிவிடும். சராசரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த மாதத் தவணை ஏறியதும் அது மாறிவிடும். நவம்பரில் விற்றதன் அடக்கவிலை டிசம்பரில் வாங்கியதால் மாற முடியுமா? வரிசை முறையில் நீங்கள் எத்தனை தவணை புதிதாகக் கட்டினாலும் அவை கடைசியில்தான் போய் நிற்கும். ஏற்கெனவே விற்றதன் கணக்கைத் தொடாது.

சரி, வரி எவ்வளவு? நீண்ட கால லாபம் ரூ.11,000. ஈக்விட்டி ஃபண்டுகளிலும் பட்டியலிட்ட பங்குகளிலும் வரும் நீண்ட கால லாபம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். வேறு விற்பனை இல்லையென்றால் இதற்கு வரி பூஜ்யம். ஆனாலும் ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும்.

குறுகிய கால லாபத்துக்கு அந்த 1.25 லட்சச் சலுகை கிடையாது. முதல் ரூபாயில் இருந்தே 20 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன்பு இது 15 ஆக இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்த விகிதத்தைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரூ.4,672-க்கு 20 சதவீதம் ரூ.934, அதன்மேல் 4 சதவீதம் செஸ் சேர்த்து ரூ.972. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் ரூ.970 கட்ட வேண்டும்.

இங்கே நீங்கள் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, என் மொத்த வருமானமே ஆறே கால் லட்சத்துக்குள்தானே? புதிய வரி முறையில் அந்தச் சலுகை 87A தள்ளுபடியாக வருகிறது. 2025-26 நிதியாண்டில் இருந்து அந்தத் தள்ளுபடி வழக்கமான ஸ்லாப் வரிக்கு மட்டும்தான். உங்கள் கடை வருமானம் 6 லட்சத்துக்கு ஸ்லாப்படி வரும் ரூ.10,000 முழுவதும் தள்ளுபடியாகிவிடும். சிறப்பு விகிதத்தில் வரும் இந்த 20 சதவீத வரியை அது தொடாது. கடை வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்திருந்தால், அடிப்படை விலக்கில் மிஞ்சிய இடத்தில் இந்த லாபத்தை வைத்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அந்த இடமும் நிரம்பிவிட்டது. யூனிட்டை விற்றபோது ஃபண்ட் வரிப் பிடித்தம் எதுவும் செய்யவில்லை என்பதை வைத்து வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் வசிக்கிறவர்கள் யூனிட்டை விற்கும்போது ஃபண்ட் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. நாம்தான் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும்.

ரூ.970-ஐவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் படிவம். நீங்கள் தாக்கல் செய்வது ஐ.டி.ஆர்-4. 1.25 லட்சத்துக்குள் உள்ள நீண்ட கால ஈக்விட்டி லாபத்தை அதிலேயே காட்டலாம் என்று இப்போது இடம் கொடுத்திருக்கிறார்கள். குறுகிய கால லாபத்துக்கு அதில் இடமே இல்லை. ஒரு ரூபாய் இருந்தாலும் நீங்கள் ஐ.டி.ஆர்-3-க்குப் போக வேண்டும். கடைக்குச் சதவீதக் கணக்கு காட்டும் முறையை இதற்காக விட வேண்டியதில்லை, அதை ஐ.டி.ஆர்-3-லும் காட்டலாம். ஆனால் அந்தப் படிவம் பெரியது, நிரப்ப நேரமும் கட்டணமும் கூடும். இந்த வருஷம் ஐ.டி.ஆர்-4-லேயே போட்டுவிட்டு குறுகிய கால லாபத்தை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பான் எண்ணில் யூனிட் விற்ற விவரம் வருமான வரி இணையதளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கும்.

நவம்பர் 20 அன்று 2,000-க்குப் பதில் 1,420 யூனிட் மட்டும் விற்றிருந்தால் ரூ.71,000 முழுதாக, லோடு இல்லாமல், வரி இல்லாமல் வந்திருக்கும், ஐ.டி.ஆர்-4-ம் அப்படியே இருந்திருக்கும். மீதி 29,000 ரூபாயை வேறு எங்காவது ஒரு மாதம் இரண்டு மாதம் புரட்டியிருக்க முடியுமா என்பது உங்கள் கடை நிலவரம். சரக்கு அவசரமென்றால் ரூ.970 வரியும் ரூ.290 லோடும் பெரிய நஷ்டம் இல்லை. வருத்தப்பட வேண்டாம். அடுத்த முறை தெரிந்து செய்யலாம்.

அந்த அடுத்த முறைக்கு வருவோம். வரிசையின் தலையில் இப்போது நிற்பது 2025 பிப்ரவரி தவணையில் மிஞ்சிய 155 யூனிட். அதன் தேதி 2025 பிப்ரவரி 10, விலை ரூ.38.46, இரண்டும் மாறாது. இதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டாவது விற்பனையில் பலர் சறுக்குவது இங்கேதான். உடைந்த தவணையின் மீதியை மறந்து மார்ச்சில் இருந்து ஆரம்பிப்பார்கள், அல்லது முதல் தவணையில் இருந்தே மறுபடி எண்ணி ஒரே யூனிட்டை இரண்டு தடவை விற்பார்கள்.

155-க்குப் பின்னால் மார்ச் 10 தவணை, 265 யூனிட். அதற்கடுத்து ஏப்ரல் தவணை, 260 யூனிட். 2025 ஏப்ரல் 10 மகாவீர் ஜெயந்திக்குச் சந்தை விடுமுறை என்பதால் ஒதுக்கீடு 11-ம் தேதி. அதன் பின் மே 12-ல் 240 யூனிட், விலை ரூ.41.67.

பங்குனியில், உதாரணமாக 2026 மார்ச் 25-ல் 700 யூனிட் விற்றால், 155-ம் 265-ம் சேர்ந்த 420 யூனிட் நீண்ட காலம். பாக்கி 280 குறுகிய காலம்: ஏப்ரலின் 260, மேயின் 20. விலை அதே ஐம்பது என்று வைத்துக்கொண்டால் அந்த 280-க்கு அடக்கம் ரூ.10,833, விற்ற பணம் ரூ.14,000, லோடு ரூ.140, லாபம் ரூ.3,027. வரியும் செஸ்ஸும் சுமார் ரூ.630. லோடையும் சேர்த்தால் ரூ.770 கையைவிட்டுப் போகும்.

சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15-ல் விற்றால்? ஏப்ரல் தவணையும் 12 மாதத்தைத் தாண்டியிருக்கும். 155, 265, 260 கூட்டினால் 680 யூனிட், எல்லாம் நீண்ட காலம். நீங்கள் கேட்பது 700. அந்தக் கூடுதல் 20 யூனிட் மே தவணையில் இருந்து போகும். அது இருநூறு ரூபாய்க்கும் குறைவான குறுகிய கால லாபம்தான். ஆனால் ஏப்ரல் 1-ல் புது நிதியாண்டு தொடங்கிவிடும். அந்த இருநூறு ரூபாயால் அடுத்த வருஷமும் நீங்கள் ஐ.டி.ஆர்-3 போட வேண்டியதாகிவிடும். ஆகவே 680-ஓடு நிறுத்துங்கள். ஆயிரம் ரூபாய் குறைவாக வரும், அவ்வளவுதான். 2026 ஏப்ரல் 1-ல் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது; வரிசை முறையும் 12 மாதக் கணக்கும் அதிலும் தொடர்கின்றன.

விற்பனை விண்ணப்பத்தில் தொகை, யூனிட் என்று இரண்டு கட்டம் இருக்கும். கட்டாயம் யூனிட் கட்டத்தையே நிரப்புங்கள். தொகையைக் கொடுத்தால் அன்றைய விலைக்கு ஏற்ப எத்தனை யூனிட் போகும் என்பது முன்கூட்டித் தெரியாது. விலை கொஞ்சம் இறங்கினால் வரிசை மே தவணைக்குள் நுழைந்துவிடும். எல்லையில் நிற்கும் தவணைக்குப் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகும் ஓரிரு நாள் விட்டே விற்கச் சொல்வது என் வழக்கம். ஏப்ரல் 15 என்பதில் அந்த இடைவெளி இருக்கிறது.

ஆனால் வரிக்காக மட்டும் மூன்று வாரம் காத்திருப்பதில் ஒரு விலை உண்டு. 700 யூனிட் என்பது ரூ.35,000. சந்தை இரண்டே சதவீதம் இறங்கினாலும் ரூ.700 போய்விடும், மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். ஏறினாலும் ஏறலாம். மார்ச்சிலேயே பணம் தேவையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிதியாண்டுக்கு எப்படியும் ஐ.டி.ஆர்-3 ஆகிவிட்டதால் மார்ச் விற்பனை படிவத்தில் புதுச் சிக்கல் எதையும் கொண்டுவராது. இரண்டு தேதியும் உங்களுக்கு ஒன்றுதான் என்றால் சித்திரைக்குத் தள்ளுங்கள் என்பேன்.

கணக்கைச் சரிபார்க்கப் பெரிய வேலை இல்லை. கேம்ஸ், கே-ஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர்களில் உங்கள் ஃபண்டுக்கு யாரோ, அவர்கள் இணையதளத்தில் பான் எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலும் கொடுத்து மூலதன ஆதாய அறிக்கை கேளுங்கள். அதில் ஒவ்வொரு வரியிலும் விற்ற தேதிக்கு எதிரே வாங்கிய தேதி இருக்கும். யூனிட் பத்தியைக் கூட்டினால் 2,000 வருகிறதா, கடைசி வரியில் பிப்ரவரி 10-க்கு எதிரே 105 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் மீதியும் சரியாகத்தான் இருக்கும். கைப்பேசிச் செயலியில் தெரியும் சராசரி விலையை ரிட்டர்னுக்கு எடுக்காதீர்கள்; அது உங்கள் கையிருப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கானது. ஏதாவது ஒரு மாதம் வங்கியில் பணம் இல்லாமல் தவணை திரும்பியிருந்தால் அந்த மாதத்துக்கு யூனிட்டே கிடையாது. நீங்கள் தவணையை எண்ணி வைத்திருக்கலாம், அறிக்கையில் அந்த வரி இருக்காது.

உங்களைப் போலவே கட்டுகிறவர்களுக்காக இன்னும் சில விஷயம். ரெகுலர் திட்டத்தில் இருந்து டைரக்ட் திட்டத்துக்கு மாறினால், ஃபண்ட் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது விற்பனைதான். பழைய வரிசை அன்றோடு முடிந்து லாபக் கணக்கு எழுத வேண்டிவரும். புதிய யூனிட்டுக்கு அன்றுதான் பிறந்த நாள், 12 மாதமும் எக்ஸிட் லோடும் மறுபடி முதலில் இருந்து. இரண்டாவது, மேலே சொன்ன 12 மாதக் கணக்கு ஈக்விட்டி ஃபண்டுக்கு மட்டும். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் பத்திர ஃபண்டுகளில் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் லாபம் குறுகிய காலமாகவே கருதப்பட்டு, உங்கள் ஸ்லாப்படி வரி வரும். அங்கும் வரிசை முறை உண்டு, ஆனால் அடக்கவிலையைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது உதவும்.

கடைசியாக, வரிசை ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் தனி. அதே ஃபண்டில் உங்களுக்கு வேறொரு ஏஜென்ட் மூலம் போட்ட பழைய ஃபோலியோ இருந்தால் அதற்கு அதன் சொந்த வரிசை. இதில் விற்பது அதைத் தொடாது. எந்தத் தவணையை விற்பது என்று தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றேன். எந்த ஃபோலியோவில் விற்பது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி ஒன்று இருந்தால், ஏப்ரல் 15-க்கு முன்பு பணம் தேவைப்படும் பட்சத்தில் அதிலுள்ள ஒரு வருஷம் தாண்டிய யூனிட்டை முதலில் எடுங்கள். விண்ணப்பத்தில் ஃபோலியோ எண்ணை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து எழுதுங்கள்.